வசனம் எங்கே முடிகிறது?

என் தங்கை தரம் மூன்றில் படிக்கிறாள். ஒரு நாள் மஃரிபுக்குப் பிறகு ஆங்கிலக் கொப்பியைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். எங்கள் வீட்டைப் பற்றி எட்டு வரிகள் எழுதியிருந்தாள். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லை. ஆனால் முதல் சொல்லில் இருந்து கடைசிச் சொல் வரை ஒரு முற்றுப்புள்ளியும் இல்லை. ஒரு பெரிய எழுத்தும் இல்லை. பக்கத்தின் கீழே சிவப்பு மையில் 'முற்றுப்புள்ளி எங்கே?' என்று எழுதப்பட்டிருந்தது.

"ராத்தா, முற்றுப்புள்ளி எங்க வைக்கிற?" என்று கேட்டாள்.

"வசனம் முடியிற இடத்தில."

"வசனம் எங்க முடியுது?"

எனக்குப் பதில் வரவில்லை. உயர்தரம் படிக்கிற எனக்கே வரவில்லை. 'முடியிற இடத்தில முடியுது' என்றுதான் வாயில் வந்தது. அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். அவளுக்கு விதி தெரியாமல் இல்லை. முற்றுப்புள்ளி என்றால் என்ன என்று கேட்டால் அழகாகச் சொல்வாள். அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டு விறாந்தையில் ஒரு பாயை விரித்து, தங்கையையும் சாச்சியின் மகனையும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேரையும் உட்காரவைத்தேன். எல்லாருக்கும் எட்டு வயது. வேண்டுமென்றே குறிகளை எடுத்துவிட்ட ஒரு பந்தியைக் கொடுத்து அவர்களைத் திருத்தச் செய்தேன். இந்த முறை புதியது அல்ல. ஆங்கில ஆசிரியர்கள் பல நாடுகளில் செய்வதுதான். ஆனால் தமிழ் பேசும் பிள்ளைகளோடு செய்யும்போது எங்கே தடுக்குகிறது, ஏன் தடுக்குகிறது என்பதை அந்தப் பாயில் இருந்துதான் கற்றுக்கொண்டேன். வீட்டில் சின்னப் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு உதவும் என்பதால் எழுதுகிறேன்.

நம் பிள்ளைக்கு ஏன் கஷ்டம்?

முதலில் ஒரு சோதனை செய்தேன். தமிழில் மூன்று வசனங்களைக் குறி ஒன்றும் இல்லாமல் எழுதிக் கொடுத்தேன்: 'நேற்று மழை பெய்தது நாங்கள் வீட்டில் இருந்தோம் நீ எங்கே போனாய்'. ஆறு பேரும் ஒரு நிமிடத்துக்குள் சரியாகப் பிரித்துவிட்டார்கள். அதையே ஆங்கிலத்தில் கொடுத்தபோது ஒருவராலும் முடியவில்லை.

காரணம் நம் மொழியின் அமைப்பில் இருக்கிறது. தமிழில் வினைச்சொல் பெரும்பாலும் கடைசியில் வரும். 'பெய்தது', 'இருந்தோம்', 'போனாய்' என்று வந்தவுடன் வசனம் முடிந்தது என்று காதுக்கே தெரிந்துவிடும். முற்றுப்புள்ளி வைக்க மறந்தாலும் வினைச்சொல் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. பழைய ஓலைச்சுவடிகளில் இன்று நாம் வைப்பதுபோல முற்றுப்புள்ளியோ கேள்விக்குறியோ இல்லாமலே நம் முன்னோர் வாசித்தார்கள். ஐரோப்பியரோடும் அச்சோடும்தான் இந்தக் குறிகள் தமிழுக்கு வந்தன. 19ஆம் நூற்றாண்டில் யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் தம் உரைநடை நூல்களில் அவற்றை ஒழுங்காகப் பயன்படுத்திப் பரவச் செய்தார்.

ஆங்கிலத்தில் வினைச்சொல் வசனத்தின் நடுவே வந்துவிடும். வசனத்தின் கடைசியில் ஊர்ப் பெயர் வரலாம், கிழமை வரலாம், பூனையும் வரலாம். அந்தக் கடைசிச் சொல்லைப் பார்த்து 'இது முடிவு' என்று சொல்ல எந்த அடையாளமும் கிடையாது. அதனால் அங்கே புள்ளி கட்டாயம் வேண்டும்.

கேள்வியும் அப்படித்தான். தமிழில் 'வந்தானா' என்று ஓர் ஆகாரம் சேர்ந்தால் கேள்வி. அது பெரும்பாலும் வசனத்தின் வாலில் இருக்கும். ஆங்கிலத்தில் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்வியின் அடையாளம் தலையில் இருக்கும். சொற்கள் இடம் மாறி நிற்கும். நம் பிள்ளை வாலைப் பார்த்துக்கொண்டு நிற்க, தலையில் நின்ற கேள்வி தப்பிப் போய்விடுகிறது.

பெரிய எழுத்து, அதாவது கெப்பிட்டல் எழுத்து, நமக்கு முழுக்கப் புதியது. தமிழிலும் சிங்களத்திலும் அரபியிலும் அது கிடையாது. அரபு எழுத்து சொல்லின் தொடக்கத்தில் ஒரு வடிவம், நடுவில் ஒரு வடிவம், கடைசியில் ஒரு வடிவம் எடுப்பதைப் பிள்ளைகள் குர்ஆன் மத்ரஸாவில் பார்த்திருக்கிறார்கள். அதனால் சாச்சியின் மகன் ஒவ்வொரு ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தையும் பெரிதாக எழுதினான். அவன் கணக்குப்படி அது நியாயம்தான். அரபியில் எழுத்தின் வடிவத்தைத் தீர்மானிப்பது சொல்லில் அது நிற்கும் இடம். ஆங்கிலத்தில் வசனத்தில் நிற்கும் இடமும், அது யாருடைய பெயர் என்பதும் தீர்மானிக்கின்றன. இதை அவனுக்கு அப்படியே சொன்னபோது உடனே பிடித்துக்கொண்டான்.

பந்தியைத் தயாரித்தல்

நான் தயாரித்த பந்தி இதுதான். மிமி என்பது ஒரு பூனையின் பெயர்.

```
my cat is mimi she is small and
white do you like cats i give her
fish on sunday we go to nintavur where
is mimi now she is under
my bed
```

மொத்தம் 32 சொற்கள். பிள்ளைகளுக்குத் தெரியாத சொல் ஒன்றுமில்லை. சொல்லின் பொருள் தெரியாவிட்டால் வசனத்தின் முடிவைத் தேட முடியாது. ஆகவே பந்தி அவர்கள் வாசிப்புப் புத்தகத்தைவிட லேசாக இருக்க வேண்டும்.

எழுத்துப் பிழை ஒன்றும் வைக்கவில்லை. என் முதல் முயற்சியில் வைத்திருந்தேன். பிள்ளைகள் எழுத்துப் பிழையைத் தேடுவதிலேயே நேரத்தைப் போக்கினார்கள். அதைவிட மோசம், மறுநாள் ஒரு பிள்ளை நான் பிழையாக எழுதிய சொல்லையே தன் கொப்பியில் எழுதியிருந்தாள். பிழையான எழுத்துக்கூட்டலைக் கண் அப்படியே பிடித்துவைத்துக்கொள்கிறது. எனவே குறிகளை எடுத்துவிடலாம், பெரிய எழுத்துகளைச் சிறிதாக்கலாம். வேறு எதையும் கெடுக்கக் கூடாது.

வரிகளை உடைத்த இடத்தையும் கவனியுங்கள். கடைசி வரியைத் தவிர வேறு எந்த வரியின் முடிவிலும் வசனம் முடியவில்லை. சின்ன வகுப்புப் புத்தகங்களில் பெரும்பாலும் ஒரு வரிக்கு ஒரு வசனம்தான் இருக்கும். அதைப் பார்த்துப் பழகிய பிள்ளை, வரி முடிந்தால் வசனம் முடிந்தது என்று நினைத்துவிடும். ஆறு பேரில் மூன்று பேர் முதலில் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் புள்ளி வைத்தார்கள். 'சிறியதும்' என்று நின்ற இடத்தில் ஒரு புள்ளி! தாளில் இடம் முடிந்ததையும் சொல்ல வந்தது முடிந்ததையும் ஒன்றாக நினைக்கிறார்கள் என்பது அப்போதுதான் தெரிந்தது. வசனங்களை வரிக்கு வரி ஒழுங்காக எழுதிக் கொடுத்திருந்தால் எல்லாருக்கும் முழுப் புள்ளி கிடைத்திருக்கும், எனக்கும் ஒன்றும் தெரியாமல் போயிருக்கும்.

முதல் மாலை: புள்ளிகளைக் கண்டுபிடித்தல்

ஒரு மாலைக்கு அரை மணி நேரம் போதும். அதற்கு மேல் எட்டு வயது தாங்காது. முதல் மாலையில் பென்சிலைத் தொட விடவில்லை. நானே பந்தியை ஒரே மூச்சில், எங்கும் நிற்காமல், குரலை ஏற்றாமல் இறக்காமல் வாசித்தேன். கடைசியில் எனக்கு மூச்சு முட்டியது. பிள்ளைகள் சிரித்தார்கள்.

"என்ன குறையுது?" என்று கேட்டேன்.

"நிக்கவே இல்ல, ராத்தா."

அப்போது நான் குர்ஆனில் உள்ள நிறுத்தக் குறிகளை ஞாபகப்படுத்தினேன். சின்ன மீம் இருந்தால் கட்டாயம் நிற்க வேண்டும், லாம் அலிஃப் இருந்தால் நிற்கக் கூடாது என்பது ஆறு பேருக்கும் தெரியும். பிழையான இடத்தில் நின்றால் பொருள் மாறிவிடும் என்றும் மௌலவி சொல்லிக் கொடுத்திருக்கிறார். 'ஆங்கிலத்தில் முற்றுப்புள்ளியும் அந்த வேலையைத்தான் செய்கிறது' என்றேன். அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு அவர்கள் ஒவ்வொருவராகச் சத்தமாக வாசித்தார்கள். நிற்கத் தோன்றும் இடத்தில் பென்சிலால் ஒரு சாய்கோடு மட்டும் போட வேண்டும். புள்ளி வைக்கக் கூடாது. கோடு என்றால் அழிப்பது சுலபம், மனதை மாற்றவும் பயமில்லை.

இங்கே ஒரு எச்சரிக்கை. மூச்சு மட்டும் போதாது. மூச்சு குறைந்த பிள்ளை இரண்டு சொல்லுக்கு ஒருமுறை நிற்கும். ஆகவே கோடு போட்ட பிறகு ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு கேள்விகள் கேட்டேன்: யாரைப் பற்றி, என்ன சொல்கிறது? 'சிறியதும் வெள்ளையும்' என்று மட்டும் ஒரு துண்டு இருந்தால் யார் என்பதற்குப் பதில் இல்லை. எனவே அது தனியே நிற்காது, முன்னாலுள்ள 'ஷீ' என்ற சொல்லோடு சேர வேண்டும். மூச்சு இடத்தைக் காட்டியது, இந்தக் கேள்விகள் அதைச் சரிபார்த்தன.

கடைசியாக எண்ணிக்கையைச் சொன்னேன். "ஏழு வசனம் இருக்கு. உங்கட கோடு எத்தினை?" எண்ணிக்கை தெரிந்தால் பிள்ளை தானே திரும்பிப் போய்த் தேடும். எண்ணிக்கை சொல்லாத முதல் முயற்சியில், நான்கு கண்டுபிடித்தவுடன் 'முடிஞ்சிட்டு' என்று எழுந்துவிட்டார்கள்.

இரண்டு விடை உள்ள இடம்

மூன்றாவது வரியில் நான் ஒரு பொறி வைத்திருந்தேன். 'ஞாயிற்றுக்கிழமை' என்பது முன் வசனத்தோடும் சேரும், பின் வசனத்தோடும் சேரும்.

```
I give her fish on Sunday. We go to Nintavur.
I give her fish. On Sunday we go to Nintavur.
```

முதலாவதில் மிமிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் மீன். இரண்டாவதில் ஞாயிற்றுக்கிழமை நிந்தவூர்ப் பயணம். சொற்கள் அதேதான், புள்ளி மட்டும் இடம் மாறியது. பிள்ளைகள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போட்டார்கள். "அப்ப மத்த நாளெல்லாம் பூனை பட்டினியா?" என்று ஒரு பிள்ளை கேட்டபோது எல்லாருக்கும் புரிந்துவிட்டது. இரண்டும் சரி, ஆனால் இரண்டும் ஒன்றல்ல. எழுதியவர் எதைச் சொல்ல விரும்பினார் என்பதைப் புள்ளிதான் சொல்ல வேண்டும்.

நான் வைக்காத ஒரு பொறியையும் என் தங்கை கண்டுபிடித்தாள். 'மிமி இப்போது எங்கே?' என்றுதான் நான் எழுதினேன். அவள் மிமிக்குப் பிறகு கோட்டைப் போட்டு, 'மிமி எங்கே? இப்போது அவள் என் கட்டிலுக்குக் கீழே' என்று வாசித்தாள். அதுவும் சரிதான். எனக்கு ஒரு கணம் பிழை என்று சொல்லத் தோன்றியது. நல்லவேளை, சொல்லவில்லை. கையில் ஒரே ஒரு விடைத்தாளை வைத்துக்கொண்டு திருத்தினால் யோசித்த பிள்ளைக்குத்தான் பிழை போட்டுவிடுவோம். 'ஏன் இங்கே வைத்தாய்?' என்று கேளுங்கள். காரணம் சொல்ல முடிந்தால் அது விடை. சரியான இடத்தில் வைத்துவிட்டு 'சும்மா' என்று சொன்னால் அது இன்னும் விடை ஆகவில்லை.

இரண்டாம் மாலை: கேள்வியும் பெரிய எழுத்தும்

இரண்டாம் மாலையில் ஏழு சாய்கோடுகளையும் குறிகளாக மாற்றினோம். ஒவ்வொரு கோட்டிலும் நின்று, அந்த வசனத்தின் தலைக்குப் போய் முதல் சொல்லைப் பார்க்கச் சொன்னேன். 'டு யூ' என்று தொடங்குகிறதா? 'வெயார்' என்று தொடங்குகிறதா? அப்படியானால் வாலில் கேள்விக்குறி. மற்ற ஐந்துக்கும் முற்றுப்புள்ளி. இரண்டு பிள்ளைகள் கேள்விக்குறியை மறுபக்கம் திருப்பிப் போட்டார்கள். அரபுப் புத்தகத்தில் அது அப்படித்தான் திரும்பியிருக்கும். அந்த எழுத்து வலமிருந்து இடம் போவதால் குறியும் அந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொன்னதும் மாற்றிக்கொண்டார்கள்.

பெரிய எழுத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. புள்ளி எங்கே என்று தெரிந்த பிறகுதான் அடுத்த வசனத்தின் தலை எங்கே என்று தெரியும். ஒழுங்கை மாற்றினால் பிள்ளை ஊகிக்கத்தான் செய்யும். ஏழு வசனத்துக்கும் ஏழு பெரிய எழுத்து. இதில் 'நான்' என்று பொருள்படும் 'ஐ'யும் ஒன்று. அது வசனத்தின் நடுவில் வந்தாலும் எப்போதும் பெரிதுதான்.

அடுத்தது பெயர்கள். இங்கேதான் நான் பெரிய தவறு செய்தேன். "பெயருக்கெல்லாம் பெரிய எழுத்து" என்று சொல்லிவிட்டேன். உடனே பூனை, மீன், கட்டில் எல்லாம் பெரிய எழுத்தில் எழும்பி நின்றன. ஏனென்று கேட்டேன்.

"டீச்சர் சொன்னாங்க, பூனை பெயர்ச்சொல் எண்டு."

அவர்கள் சொன்னது சரி. தமிழ்ப் பாடத்தில் பூனையும் பெயர்ச்சொல்தான். நான் சொல்லியிருக்க வேண்டியது சிறப்புப்பெயர், அதாவது ஒருவருக்கோ ஓரிடத்துக்கோ என்று வைத்த பெயர். எட்டு வயதுக்கு அந்தச் சொல் பாரம் என்பதால் ஒரு விளையாட்டாக்கினேன். தெருவில் நின்று 'பூனை' என்று கூப்பிட்டால் எந்தப் பூனையைக் கூப்பிடுகிறாய்? எதுவாகவும் இருக்கலாம். 'மிமி' என்றால் எங்கள் பூனை மட்டும்தான். 'ஊர்' என்றால் எந்த ஊரும். 'நிந்தவூர்' என்றால் அந்த ஊர் மட்டும்தான். கிழமைகளுக்கும் அப்படித்தான். 'நாள்' என்பது சிறிது, 'ஞாயிற்றுக்கிழமை' என்பது பெரிது. இப்படிப் பார்த்தால் பந்தியில் நான்கு இடம்: மிமி இரண்டு தடவை, ஞாயிற்றுக்கிழமை ஒன்று, நிந்தவூர் ஒன்று.

ஆகக் குறிகள் ஏழு, பெரிய எழுத்துகள் பதினொன்று, மொத்தத் திருத்தம் பதினெட்டு. ஞாயிற்றுக்கிழமையையும் 'இப்போது' என்பதையும் எந்தப் பக்கம் சேர்த்தாலும் இந்த எண்ணிக்கை மாறாது.

மூன்றாம் மாலை: சுத்தப் பிரதி

திருத்திய தாளோடு விட்டுவிடக் கூடாது. கோடும் அழித்த தடமும் நிறைந்த தாள் கண்ணில் நின்றால் பிழையான வடிவம்தான் மனதில் நிற்கும். எனவே நான்கு கோட்டுக் கொப்பியில் முழுவதையும் சுத்தமாக எழுதச் செய்தேன்.

```
My cat is Mimi. She is small and
white. Do you like cats? I give her
fish. On Sunday we go to Nintavur. Where
is Mimi now? She is under
my bed.
```

நான்கு கோட்டுக் கொப்பி எதற்கு என்றால், ஆங்கிலத்தின் 26 எழுத்துகளில் ஏழுக்குப் பெரிய வடிவமும் சிறிய வடிவமும் ஒரே உருவம்தான். சி, ஓ, எஸ், வி, டபிள்யூ, எக்ஸ், ஸெட் என்பவை அவை. உயரம் மட்டும்தான் வித்தியாசம். எங்கள் பந்தியிலோ எஸ் மூன்று இடத்தில் பெரிதாக வர வேண்டும். ஒற்றைக் கோட்டுக் கொப்பியில் பிள்ளை எழுதிய எஸ் பெரிதா சிறிதா என்று எழுதிய பிள்ளைக்கே தெரியாது, திருத்துகிறவருக்கும் தெரியாது. நான்கு கோட்டில் மேல் கோட்டைத் தொட்டால் பெரிது, நடுவிலுள்ள இரண்டு கோட்டுக்குள் நின்றால் சிறிது. சில பிள்ளைகள் சொல்லின் நடுவே பெரிய பி போடுவது கவனக் குறைவால் அல்ல. சிறிய பி எந்தப் பக்கம் திரும்பும் என்ற சந்தேகத்தில், டியோடு குழம்பாத பெரிய வடிவத்தை எழுதிவிடுகிறார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பெரிய எழுத்து விதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பயனில்லை. சிறிய பியை எழுதப் பழக்க வேண்டும்.

நான்காம் நாள் வந்த ஏமாற்றம்

மூன்றாம் மாலை முடிவில் ஆறு பேருக்கும் பதினெட்டும் சரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. உம்மாவிடம் காட்டினேன். அடுத்த நாள், "உங்கட வீட்டைப் பத்தி நாலு வசனம் எழுதுங்க" என்றேன். தங்கை எழுதிக் கொண்டுவந்தாள். முற்றுப்புள்ளி ஒன்றுகூட இல்லை.

அழுகை வந்தது எனக்கா அவளுக்கா என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முறையில் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான். பிறர் எழுதியதைத் திருத்தத் தெரிந்தால் தன் எழுத்திலும் வந்துவிடும் என்று நினைக்கிறோம். வராது. அவள் எழுதும்போது எந்தச் சொல், அதற்கு எந்த எழுத்து என்பதிலேயே மனம் முழுக்கப் போய்விடுகிறது. எழுதி முடித்து வாசிக்கும்போதோ, தான் என்ன சொல்ல வந்தோம் என்று அவளுக்கு முன்பே தெரியும். அதனால் இல்லாத புள்ளியிலும் நின்று வாசித்துவிடுகிறாள். கண் பார்க்காததை மனம் போட்டுக்கொள்கிறது.

இதற்கு மூன்று மாற்றம் செய்தேன். எழுதுவதையும் திருத்துவதையும் பிரித்தேன். எழுதும்போது குறியைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்த நாள்தான் திருத்தம். ஒரு இரவு கழிந்தால் தன் எழுத்தே கொஞ்சம் பிறர் எழுத்துப் போலாகிவிடுகிறது.

அடுத்ததாக, கொப்பிகளை மாற்றிக் கொடுத்தேன். மற்றப் பிள்ளை அதில் உள்ளபடியே வாசிக்க வேண்டும். புள்ளி இல்லாத இடத்தில் நிற்கக் கூடாது. தங்கையின் பந்தியைச் சாச்சியின் மகன் ஒரே மூச்சில் முகம் சிவக்க வாசித்தபோது, "நில்லு, நில்லு, அங்க முடிஞ்சிட்டு!" என்று அவளே கத்தினாள். "புள்ளி எங்க?" என்று அவன் திருப்பிக் கேட்டான். அவள் கொப்பியைப் பறித்துப் புள்ளியை வைத்தாள். நான் நூறு தடவை சொல்லி நடக்காதது அது.

மூன்றாவது, எண்ணிக்கை. முதலில் வாயால், "எத்தினை விசயம் சொன்னாய்?" என்று கேட்பேன். "நாலு." "குறி எத்தினை இருக்கு?" எண்ணிப் பார்க்கும். "ரெண்டு." அதோடு நான் பேச்சை நிறுத்திவிடுவேன். மீதி இரண்டையும் அதுவே தேடும். பிழையைச் சிவப்பு மையில் நானே வட்டமிட்டால் தேடும் வேலை என்னுடையதாகிவிடும். அந்த வேலைதான் பிள்ளை கற்க வேண்டியது.

அதற்குப் பிறகு பந்திகளை நான் கற்பனையில் எழுதுவதில்லை. ஆறு பேரின் கொப்பியிலிருந்தும் ஒவ்வொரு வசனம் எடுத்து, எழுத்துப் பிழையை நானே திருத்தி, குறிகளை மட்டும் எடுத்துவிட்டு ஒரு பந்தியாக்குகிறேன். வாரத்துக்கு ஒன்று போதும். தினமும் கொடுத்தால் விளையாட்டு வீட்டுவேலை ஆகிவிடும்.

இதன் எல்லை

காற்புள்ளியையும் மேற்கோள் குறியையும் நான் இதில் சேர்க்கவில்லை. மூன்று விடயத்தோடு நான்காவதைச் சேர்த்த அன்று பிள்ளைகள் எல்லா இடத்திலும் காற்புள்ளி போட்டார்கள். அது அடுத்த வகுப்புக்கு இருக்கட்டும். ஆங்கிலத்தில் வாசிக்கவே தடுமாறும் பிள்ளைக்கும் இந்த முறை உதவாது. அந்தப் பிள்ளைக்கு முதலில் வாசிப்பு வேண்டும். குறி தானாகப் பின்னால் வரும்.

வீட்டில் செய்ய விரும்பும் உம்மா, வாப்பாமார் ஆங்கிலத்தில் கெட்டிக்காரராக இருக்கத் தேவையில்லை. பிள்ளையின் வாசிப்புப் புத்தகத்தில் ஐந்தாறு வசனத்தை எடுத்து, குறிகளை விட்டு, எல்லாவற்றையும் சிறிய எழுத்தில், வரிகளை நடுவில் உடைத்து ஒரு தாளில் எழுதுங்கள். விடை அதே புத்தகத்தில் இருக்கிறது. திருத்தி முடிந்ததும் பிள்ளையே புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒத்துவராத இடம் இருந்தால் பிழை என்று உடனே சொல்லாமல், ஏன் அங்கே வைத்தாய் என்று ஒரு தடவை கேளுங்கள்.

போன வாரம் தங்கை மீண்டும் எங்கள் வீட்டைப் பற்றி எழுதினாள். ஒன்பது வசனம், எட்டுக் குறி. என்னிடம் காட்டவில்லை. விறாந்தையில் தனியே உட்கார்ந்து விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். "ஒண்டு குறையுது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு முதல் வரிக்குத் திரும்பிப் போனாள்.